சொல்லை மாற்றினால் போதாது: கடைக் கடிதத்தை எழுத்துத் தமிழில் அமைக்கும் முறை

மதுரையில் துணிக்கடையிலோ மொத்த வியாபார நிறுவனத்திலோ புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞரிடம் முதல் சில வாரங்களிலேயே வந்து சேரும் பணிகளில் ஒன்று, முதலாளி வாயால் சொல்வதைக் கடிதமாக எழுதித் தருவது. சொல்பவர் பேச்சுத் தமிழில் சொல்கிறார்; கடிதம் எழுத்துத் தமிழில் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த வேலையை ஒவ்வொரு பேச்சுச் சொல்லுக்கும் ஓர் எழுத்துச் சொல்லைக் கண்டுபிடித்து அதே இடத்தில் வைக்கும் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்துப் பிழை இல்லாத, ஆனால் யாரும் யாரிடமும் பேசாத ஒரு தமிழ் அதிலிருந்து பிறக்கிறது. அது ஏன் பிறக்கிறது என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் ஒரே ஒரு கடிதத்தை முன்வைத்துப் பார்ப்போம்.

விளக்குத்தூண் பக்கத்தில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் உள்ள ஒரு சில்லறைக் கடைக்கு 200 சேலைகள் நவம்பர் 10-ஆம் தேதி போயிருக்க வேண்டும். மழை காரணமாகப் போகவில்லை. மறுநாள் முதலாளி சொல்கிறார்:

"அண்ணாச்சி, நீங்க கேட்ட இருநூறு சேலையில நூத்தியிருவது ரெடியா இருக்கு, நாளைக்கு லாரியில போட்டு விட்டுர்றோம். மிச்சம் எம்பது மழைனால பட்டறையில காயாமக் கெடக்கு. பொதங்கெழமைக்குள்ள அனுப்பிச்சிர்றோம். பழைய பாக்கியக் கொஞ்சம் பாத்து அனுப்பி விடுங்க."

பேச்சாக இதில் ஒரு குறையும் இல்லை. பல ஆண்டுப் பழக்கம் உள்ள ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லும்போது இதைவிடத் தெளிவாகவும் பணிவாகவும் சொல்ல முடியாது. இதையே சொல்லுக்குச் சொல் மாற்றினால் கிடைப்பது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் வினவிய இருநூறு சேலைகளில் நூற்று இருபது சேலைகளானது தயார் நிலையில் இருக்கின்றது. அவை நாளைய தினம் சரக்குந்தில் இடப்பட்டு அனுப்பப்படும். மீதமுள்ள எண்பது சேலைகள் மழையின் காரணமாகப் பட்டறையில் உலர்வடையாத நிலையில் கிடக்கின்றன. புதன்கிழமைக்குள் அனுப்பிவிடுகின்றோம். முந்தைய நிலுவைத் தொகையினைச் சற்றுப் பார்வையிட்டு அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

எங்கே கெட்டது

முதலில் "வினவிய" என்ற சொல்லைப் பாருங்கள். பேச்சில் "கேள்" என்ற ஒரே வினை பல வேலைகளைச் செய்கிறது: கேள்வி கேட்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், விலை கேட்கிறோம், சரக்குக் கேட்கிறோம். எழுத்து நடையில் இந்த வேலைகளை வெவ்வேறு சொற்கள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. வினவுதல் என்பது கேள்வி கேட்பதற்கு மட்டும் உரியது. திருநெல்வேலிக் கடைக்காரர் சேலையை வேண்டுமென்று கேட்டாரே தவிர, சேலையைப் பற்றி வினா எழுப்பவில்லை. "போடு" இன்னும் மோசம். கையெழுத்துப் போடுகிறோம், மனுப் போடுகிறோம், பில் போடுகிறோம், லாரியில் போடுகிறோம். எழுத்தில் இவை முறையே கையெழுத்திடுதல், மனு அளித்தல், பட்டியல் எழுதுதல், லாரியில் ஏற்றுதல் என்று பிரிகின்றன. எனவே மாற்ற வேண்டிய அலகு தனிச்சொல் அன்று. பெயரும் அதற்குரிய வினையும் சேர்ந்த இணை. "போடு" என்பதற்கு எழுத்துச் சொல் என்ன என்று கேட்பவருக்குச் சரியான விடை கிடைக்காது. எதைப் போடுவது என்று சேர்த்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்து, "கொஞ்சம் பாத்து" என்பது "சற்றுப் பார்வையிட்டு" ஆகியிருக்கிறது. படிப்பவருக்குச் சிரிப்பு வரும். பாக்கித் தொகையை யாரும் பார்வையிடுவதில்லை. பேச்சில் "கொஞ்சம்", "பாத்து" ஆகிய இரண்டுக்கும் அங்கே அகராதிப் பொருளே கிடையாது. கேட்பதன் கூர்மையைக் குறைப்பதே அவற்றின் வேலை. அப்படிப்பட்ட சொல்லுக்கு எழுத்தில் ஈடான சொல் இருக்காது. அந்தப் பணிவை வாக்கியத்தின் அமைப்புத்தான் சுமக்க வேண்டும். "அனுப்பிச்சிர்றோம்", "விட்டுர்றோம்" என்பவற்றில் உள்ள "விடு" என்ற துணைவினையும் இவ்வகையைச் சேர்ந்ததே. "கவலைப்படாதீர்கள், கட்டாயம் நடக்கும்" என்ற உறுதியைப் பேச்சில் அது தருகிறது. எழுத்தில் "அனுப்பிவிடுகின்றோம்" என்று நீட்டும்போது அந்த உறுதி வருவதில்லை. ஏதோ ஒரு சுமையைத் தொலைத்துவிடும் தொனிதான் மிஞ்சுகிறது. "கெடக்கு" என்பதை "கிடக்கின்றன" ஆக்கியதும் அப்படித்தான்: பேச்சில் அலுப்பைக் காட்டிய சொல், எழுத்தில் சேலைகள் கேட்பாரற்றுக் கிடப்பதாகக் காட்டுகிறது.

மூன்றாவது, சொற்கள் வீங்கியிருக்கின்றன. காயவில்லை என்பது "உலர்வடையாத நிலையில்" ஆகிறது. நாளை என்பது "நாளைய தினம்" ஆகிறது. தொகையை என்பது "தொகையினை" ஆகிறது. நல்ல வினை ஒன்றைப் பெயராக்கி, அதன் பின்னால் "அடை", "புரி", "மேற்கொள்" போன்ற ஒரு வினையைத் துணைக்கு நிறுத்துவது மதிப்பைக் கூட்டும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். "சேலைகளானது" என்பதில் இலக்கணமே தவறிவிட்டது, ஏனெனில் "ஆனது" ஒருமைக்கு உரியது. வேண்டாத ஒட்டைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அதன் ஒருமை பன்மையைக் கவனிப்பதில்லை. அந்த ஒட்டை நீக்கினாலே வாக்கியம் சரியாகிவிடும்.

நான்காவது, "கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்". இது பொதுமக்களை நோக்கி அலுவலகம் ஒட்டும் அறிவிப்பின் குரல். அறிவிப்புப் பலகையில் அதற்கு இடம் உண்டு. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் அது கேட்பவர் யார் என்பதை மறைத்து, படிப்பவரைக் கீழே நிறுத்துகிறது.

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்த பிறகு, அலுவலகங்களின் தேவைக்காக ஆட்சிச் சொல்லகராதி தொகுக்கப்பட்டது. பதவிப் பெயர்களுக்கும் ஆவணப் பெயர்களுக்கும் நடைமுறைப் பெயர்களுக்கும் நேரான சொற்களைத் தருவது அதன் பணி. அதற்கு இன்றும் பயன் உண்டு. ஆனால் எந்தச் சொல்லகராதியும் வாக்கியத்தைத் தராது. பெயர்ச்சொற்களுக்குப் பட்டியலை நாடலாம். வினைமுற்றையும், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் படி: சொல்லை விட்டுவிட்டுச் செய்திகளைப் பிரித்தல்

முதலாளி சொன்னதை அருகில் வைத்துக்கொண்டு, இந்தக் கடிதம் என்னென்ன செய்ய வேண்டும் என்று பேச்சுத் தமிழிலேயே சிறு சிறு வரிகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே நான்கு செய்திகள் உள்ளன: ஒரு பகுதிச் சரக்கு கிளம்புகிறது, மீதி பிறகு வரும், தாமதத்துக்குக் காரணம் மழை, பழைய பாக்கி வேண்டும். இந்த நான்கையும் எழுதியவுடன், பேச்சில் தெரியாமல் போன ஓட்டைகள் கண்ணில் படும். நாளைக்கு என்றால் எந்தத் தேதி? கடிதம் மறுநாளோ அதற்கு மறுநாளோ படிக்கப்பட்டால் "நாளை" பொய்யாகிவிடும். புதன்கிழமைக்குள் அனுப்புவதா, புதன்கிழமைக்குள் போய்ச் சேர்வதா? நாளைக்கே ஒரு புதன்கிழமைதான் என்பதால், அடுத்த வாரப் புதனா என்ற ஐயமும் இருக்கிறது. பாக்கி எவ்வளவு, எதற்குள் வேண்டும்?

இந்தக் கேள்விகளை முதலாளியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சொல்லுக்குச் சொல் மாற்றுபவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றவே தோன்றா. "புதன்கிழமைக்குள் அனுப்பிவிடுகின்றோம்" என்ற வரி கம்பீரமாக நிற்பதால், அதில் தகவல் குறைவது அவருக்குத் தெரிவதில்லை. வாக்கியத்தைப் புதிதாகக் கட்டுபவர், யார், எதை, எப்போது என்று நிரப்பும்போதே குறையைக் கண்டுவிடுகிறார்.

நம் கடையில் கேட்டபோது கிடைத்த விடைகள் இவை என்று கொள்வோம்: முதல் பகுதி நவம்பர் 12 அன்று லாரியில் ஏறும், மீதி நவம்பர் 19, புதன்கிழமைக்குள் திருநெல்வேலிக் கடையில் இருக்கும், பாக்கி 18,500 ரூபாய், மாதம் 25-ஆம் தேதிக்குள் வேண்டும்.

இரண்டாம் படி: செய்பவரையும் வினைமுற்றையும் முதலில் முடிவு செய்தல்

தமிழ் வாக்கியத்தின் பொறுப்பு அதன் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் வினைமுற்றை முதலில் எழுதிவிட்டு, பிறகு முன்னோக்கி வாருங்கள். முதல் செய்திக்கு "அனுப்புகிறோம்", செய்பவர் நாம். இரண்டாவதற்கு "வந்து சேரும்". இங்கே கடைக்காரருக்கு வேண்டியது சரக்கு வரும் நாள் என்பதால் சேலையையே எழுவாயாக வைக்கலாம். மூன்றாவதற்கு "கூடுதல் நாள் ஆகிறது". நான்காவதை எப்படி முடிப்பது என்பதில்தான் சற்று யோசனை வேண்டும். "அனுப்பவும்" என்றால் ஏவல். "கேட்டுக்கொள்கிறோம்" என்றால் முறையானது, ஆனால் கொஞ்சம் விறைப்பானது. "அனுப்பிவைத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று நிபந்தனை வாக்கியமாக அமைத்தால், முதலாளியின் "கொஞ்சம் பாத்து" செய்த வேலையை வாக்கியமே செய்துவிடுகிறது. தேதியும் தொகையும் அதே வாக்கியத்தில் இருப்பதால் கோரிக்கை வலுவிழப்பதும் இல்லை.

செயப்பாட்டு வினை எப்போதுமே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "பராமரிப்புப் பணிக்காக நாளை குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும்" என்ற அறிவிப்பில் குழாயை மூடுபவர் யார் என்பது யாருக்கும் தேவையில்லை. அங்கே அது சரியே. வாக்குறுதி கொடுப்பவரும் தவறுக்குப் பொறுப்பேற்பவரும் தெரிய வேண்டிய இடத்தில்தான் அது தொல்லை தருகிறது.

மூன்றாம் படி: துண்டுகளை இணைத்தல்

தனித்தனி வரிகளை அப்படியே அடுக்கினால் தந்தி போல இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால் மூச்சு முட்டும். தமிழில் அடைமொழிகள் எல்லாம் பெயருக்கு முன்னால்தான் வர வேண்டும் என்பதால், திணிக்கும்போது முதலில் கெடுவது பெயருக்கு முன்னுள்ள பகுதி. "தொடர் மழையின் காரணமாக உலராத நிலையில் பட்டறையில் உள்ள தங்களுக்கு அனுப்ப வேண்டிய மீதமுள்ள எண்பது சேலைகள்" என்ற தொடரைப் படிப்பவர், சேலை என்ற சொல்லுக்கு வந்து சேரும்வரை எதைப் பற்றிப் படிக்கிறோம் என்று தெரியாமல் காத்திருக்கிறார். ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு பெயரெச்சங்களுக்கு மேல் வந்தால், ஒன்றை வெளியே எடுத்துத் தனி வாக்கியமாக்கிவிடுவது நல்லது. காரணத்தை "-ஆல்" அல்லது "என்பதால்" கொண்டு இணைக்கலாம். அடுத்தடுத்து நடப்பவற்றை வினையெச்சத்தால் கோக்கலாம், ஆனால் அப்போது இரு வினைகளையும் செய்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். "மழை பெய்து நாங்கள் அனுப்பவில்லை" என்பது பேச்சில் கடந்துபோகும், எழுத்தில் உறுத்தும்.

வரிசையும் இங்கேதான் முடிவாகும். பேச்சில் முதலாளி தமக்குத் தோன்றிய வரிசையில் சொன்னார். கடையில் நின்றுகொண்டு கடிதத்தைப் பிரிப்பவருக்குச் சரக்கு எப்போது வரும் என்பதே முதலில் வேண்டும். காரணம் அதற்குப் பின். பாக்கியைத் தனிப் பத்தியில் வைக்க வேண்டும். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் அதே பத்தியில் பணமும் கேட்டால், பணம் வந்தால்தான் சரக்கு வரும் என்று நிபந்தனை விதிப்பது போலத் தோன்றும். இரண்டையும் இரண்டு கடிதங்களாக அனுப்புவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. ஆனால் முதலாளி ஒரே கடிதம் என்று சொன்னால் பத்தியைப் பிரிப்பதுதான் எழுதுபவரால் முடிந்தது.

இப்போது முழுக் கடிதம்:

"மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டிருந்த 200 சுங்குடிச் சேலைகளில் 120 சேலைகளை நவம்பர் 12 அன்று லாரியில் அனுப்புகிறோம். மீதி 80 சேலைகள் நவம்பர் 19, புதன்கிழமைக்குள் உங்கள் கடைக்கு வந்து சேரும். தொடர்ந்து மழை பெய்வதால் சாயமிட்ட துணி காய்வதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் ஆகிறது. ஈரத்தோடு மடித்தால் சாயம் ஒட்டித் துணி கெட்டுவிடும் என்பதால் அவற்றை அவசரப்பட்டு அனுப்பவில்லை. சொன்ன தேதியில் அனுப்ப முடியாமல் போனதற்கு வருந்துகிறோம்.

முந்தைய பட்டியலுக்கான நிலுவைத் தொகை ரூ. 18,500-ஐ இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் அனுப்பிவைத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்."

இதில் பேச்சுத் தமிழில் புழங்காத சொற்கள் எத்தனை என்று தேடிப் பாருங்கள். மதிப்பிற்குரிய, நிலுவை, வருந்துகிறோம் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கின்றன. "கேட்டிருந்த" அப்படியே நிற்கிறது. "லாரி" சரக்குந்தாக மாறவில்லை, காரணம் பெறுபவர் லாரி அலுவலகத்துக்குத்தான் போய் விசாரிக்கப் போகிறார். ஆனாலும் இது முறையான கடிதம்தான். வினைகள் முழுமையாக முடிந்திருப்பதும், தேதி, தொகை, பொறுப்பேற்பவர் ஆகிய மூன்றும் வெளிப்படையாக இருப்பதுமே அந்த முறைமையைத் தருகின்றன.

விளிப்பது எப்படி

கடையின் பெயர் அச்சிட்ட தாளில் போகும் கடிதம் கணக்குக் கோப்பிலும் இருக்கும் என்பதால் பெயரோ பொறுப்போ எழுதி "அவர்களுக்கு" என்று சேர்ப்பது பொருத்தம். இதே செய்தி வாட்ஸ்அப்பில் போனால் "வணக்கம் அண்ணாச்சி" என்று தொடங்குவதே சரி. தென்மாவட்ட வியாபாரிகளிடையே பல ஆண்டுகளாக அண்ணாச்சி என்று அழைக்கப்பட்டவருக்குத் திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா" என்று செய்தி வந்தால், ஏதோ மனக்கசப்பு என்றுதான் அவர் முதலில் எண்ணுவார். "நீங்கள்", "தாங்கள்" இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே கடிதத்தில் இரண்டும் கலக்கக் கூடாது என்பது மட்டுமே விதி.

சரிபார்க்கும் முறை

எழுதி முடித்ததும், இந்தக் கணக்கு வழக்குத் தெரியாத ஒருவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டி, "என்ன சொல்லியிருக்கு, உங்க பேச்சுல சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்வது முதலாளி முதலில் சொன்னதற்கு அருகில் வந்தால் கடிதம் சரி. மாற்றுச் சொற்களால் ஆன கடிதத்தை இப்படிச் சோதித்தால், கேட்பவர் "சற்றுப் பார்வையிட்டு" போன்ற இடங்களில் தயங்குவார். அந்தத் தயக்கமே திருத்த வேண்டிய இடத்தைக் காட்டிவிடும். உரக்கப் படிக்கும்போது உங்களுக்கே மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு வாக்கியம் இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கும்.

மாற்றக் கூடாத இடங்களும் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதும்போது அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற அமைப்பையும், பட்டா, சர்வே எண், கிராமப் பெயர் போன்றவற்றையும் ஆவணத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வரையறுத்திருந்தால், அழகுக்காக அதை வேறு சொல்லால் மாற்றுவது பின்னால் வழக்கில் போய் முடியலாம். அங்கெல்லாம் உங்கள் கைவண்ணத்தைச் சொற்களுக்கு இடையிலான வாக்கியங்களில் மட்டும் காட்டுங்கள்.

வாக்கியத்தைப் புதிதாகக் கட்டுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: வாக்குறுதியின் அளவு தெரியாமலேயே கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். "அனுப்பிச்சிர்றோம்" என்பதை நீங்கள் "வந்து சேரும்" என்று எழுதியபோது, லாரி தாமதித்தாலும் கடைதான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். "அனுப்ப முயல்கிறோம்" என்று எழுதியிருந்தால் முதலாளி கொடுத்த உறுதியைக் குறைத்திருப்பீர்கள். எனவே கையெழுத்துக்குக் கொடுக்கும்போது கடிதம் முழுவதையும் படிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வினையையும் அதன் தேதியையும் தொட்டுக் காட்டி, "இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.